ஒரே நோயாளிக்கு மூன்று பரிந்துரைக் கடிதம்

குடும்ப டாக்டராக நான் எழுதிய முதல் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "62 வயதுப் பெண். ரத்தசோகை. பார்த்து ஆவன செய்யவும்." அனுப்பியது ரத்த நோய் நிபுணருக்கு. மூன்று வாரம் காத்திருந்து போன அந்த அம்மா, "இரும்புச்சத்துக் குறைவு, மாத்திரை தொடரவும்" என்ற சீட்டோடு திரும்பி வந்தார். அது எனக்கே தெரிந்த விஷயம்தானே என்று கோபம் வந்தது. கடித நகலை எடுத்துப் பார்த்தேன். நான் கேள்வியே கேட்டிருக்கவில்லை.

என் மனதில் இருந்த கேள்வி வேறு. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலான ஒருவருக்கு இரும்புச்சத்து குறைகிறது என்றால், இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்குப் போக வேண்டிய இடம் இரைப்பை குடல் நிபுணர். கேள்வியை முதலில் எழுதியிருந்தால் தப்பான வாசலுக்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது கடிதத்தில் முதல் வரியே கேள்வி: "ரத்தக் கசிவு இருக்கிறதா? எண்டோஸ்கோப்பியும் கொலோனோஸ்கோப்பியும் செய்து சொல்ல முடியுமா?" அதன் கீழே, ஒரு வருடத்தில் ஹீமோகுளோபின் 12.4-லிருந்து 8.6-க்கு இறங்கியதையும், உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்பதையும், எடை குறையவில்லை, குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை என்பதையும் எழுதினேன். வெறும் 8.6 என்று எழுதுவதைவிட பழைய அளவையும் சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு அவசரம் புரியும். பத்தே நாளில் தேதி கிடைத்தது.

ஆனால் கடைசி வரியில் சொதப்பிவிட்டேன். "வழக்கமான மாத்திரைகள் தொடர்கின்றன." அந்த வழக்கமான மாத்திரைகளில் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் இருந்தது; இரண்டுமே ரத்தம் உறைவதைத் தடுப்பவை. 14 மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். கொலோனோஸ்கோப்பிக்கு முன் மாத்திரை பற்றிக் கேட்டதற்கு அவர் "இதய மாத்திரை" என்றாராம், யாரும் மேலே துருவவில்லை. பெருங்குடலின் வலப்பக்கம் 15 மில்லிமீட்டரில் பாலிப் என்ற சதை வளர்ச்சி ஒன்று இருந்தது. அப்போதுதான் அந்த மாத்திரைகள் பற்றித் தெரியவந்து, வெட்டினால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பேதி மருந்தை இன்னொரு தடவை குடிக்கணுமா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாவது கடிதத்துக்கு முன் இதய டாக்டருக்கு போன் செய்தேன். குளோபிடோக்ரெலை ஏழு நாள் நிறுத்தலாம், ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது என்றார். ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆகியிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அதனால் ஸ்டென்ட் வைத்த தேதி, இரண்டு மாத்திரைகளின் பெயர், எதை எந்த நாளிலிருந்து நிறுத்தச் சொன்னேன், யாரைக் கேட்டுச் சொன்னேன் எல்லாவற்றையும் எழுதினேன். இரும்பு மாத்திரையையும் ஒரு வாரம் முன்பே நிறுத்தியதாகச் சேர்த்தேன். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைத்தால் ஸ்கோப்பில் சரியாகத் தெரியாது.

பாலிப்பை எடுத்துவிட்டார்கள். குளோபிடோக்ரெலை மறுபடி எப்போது தொடங்குவது என்று கடிதத்தில் கேட்டிருந்தேன். பதில் கடிதத்தின் முதல் வரியிலேயே தேதி இருந்தது.