ஆரஞ்சு விளக்கு எரிந்த இரவுகள்

6 மே 2024, திங்கள், தருமபுரி

சனிக்கிழமை தம்பி ஓசூரிலிருந்து வருகிறான். அவன் வருவதற்குள் புது கேமை பிஎஸ்5-இல் ஏற்றி வைத்துவிட வேண்டும். மொத்தம் 90 ஜிபி.

வீட்டு இணையம் 100 எம்பிபிஎஸ். ஆனால் கன்சோல் இருப்பது பின்னறையில். இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையில் 40-க்கு மேல் ஏறுவதில்லை. எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 எம்பி, அதாவது மணிக்கு 18 ஜிபி. 90 ஜிபிக்கு ஐந்து மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் மூன்று மணிக்கு முடிந்துவிடும், நான் விழித்திருக்கத் தேவையில்லை.

படுக்கும் முன் Settings, System, Power Saving, அதற்குள் Features Available in Rest Mode வரை போய்ப் பார்த்தேன். Stay Connected to the Internet இயக்கத்தில் இருந்தது. அது அணைந்திருந்தால் ரெஸ்ட் மோடில் டவுன்லோட் நடக்காது. சரியாகப் பத்து மணிக்கு ரெஸ்ட் மோடில் போட்டேன். விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு ஆரஞ்சு நிறத்தில் நிலைத்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

7 மே, செவ்வாய், காலை

விளக்கே இல்லை. ஆரஞ்சும் இல்லை, வெள்ளையும் இல்லை.

பட்டனை அழுத்தியதும், முறையாக அணைக்கப்படவில்லை என்ற செய்தியும் சேமிப்பகத்தைச் சரிபார்க்கும் பட்டையும் வந்தன. டவுன்லோட் பட்டியலைத் திறந்தால் 31 ஜிபியில் நின்றிருந்தது.

31-ஐ 18-ஆல் வகுத்தேன். ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணிக்குத் தொடங்கியதால், 11.43 வாக்கில் நின்றிருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "பன்னெண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்வெர்ட்டர் கத்துச்சுடா. பத்து நிமிஷத்துல கரண்ட் வந்துடுச்சு" என்றார். கணக்கு அப்படியே பொருந்தியது.

பத்து நிமிட மின்வெட்டில் மிச்ச இரவு முழுவதும் போனதற்குக் காரணம் இதுதான். ரெஸ்ட் மோட் என்பது தூக்கம், அணைப்பு அல்ல. கன்சோலுக்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது அறுந்தால் கன்சோல் முழுக்க அணைந்துவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக எழாது, யாராவது பட்டனை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். போனிலிருந்தும் எழுப்ப முடியாது. தூங்கும் கன்சோலை வலைவழியே தட்டி எழுப்பலாம், அணைந்து கிடப்பதை முடியாது.

நல்ல செய்தி, 31 ஜிபி அப்படியே இருந்தது. கேம் துண்டு துண்டாக இறங்குகிறது. இறங்கி முடிந்த துண்டுகள் தங்கிவிடும், பாதியில் அறுந்தது மட்டும்தான் மறுபடி வர வேண்டும். "கரண்ட் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்" என்று பயந்து பலர் அந்தப் பட்டியலில் இருப்பதை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். அப்படி அழித்தால்தான் உண்மையிலேயே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிறுத்தி வைப்பதும் ரத்து செய்வதும் ஒன்றல்ல.

இன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து மாலை வரை. அதனால் பகலில் கன்சோலை முறையாக அணைத்துவிட்டேன். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

7 மே, செவ்வாய், இரவு

கன்சோலை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் ஒரு பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து கன்சோலையும் ரவுட்டரையும் அதில் சொருகினேன். டிவி வேண்டாம், டவுன்லோடுக்கு டிவி தேவையில்லை.

ஆனால் இன்வெர்ட்டர் இருக்கிறதென்று உடனே நம்பிவிடக் கூடாது. கரண்ட் போகும் கணத்துக்கும் பேட்டரி ஏற்கும் கணத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஃபேன் அதை உணராது, கம்ப்யூட்டர் உணரும். கன்சோலை வைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. ரவுட்டரை மட்டும் வைத்து மெயின் சுவிட்சை இறக்கினேன். ரவுட்டர் விளக்குகள் ஒரு நொடி மொத்தமாக அணைந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அப்படியென்றால் கன்சோலும் விழுந்திருக்கக்கூடும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் தூசியைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச், ஒரு பக்கம் ECO, மறு பக்கம் UPS. வாங்கிய நாளிலிருந்து ECO-விலேயே இருந்திருக்கிறது. UPS பக்கம் தள்ளிவிட்டு மறுபடி மெயினை இறக்கினேன். ஃபேன் லேசாக முனகியது, ரவுட்டரில் ஒரு விளக்கும் இமைக்கவில்லை. இந்தச் சுவிட்ச் எல்லா இன்வெர்ட்டரிலும் இருப்பதில்லை. இருப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு டவுன்லோடுக்கு மட்டும்தான். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் வரை இழுக்கும். டிவியும் சேர்ந்தால் இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், ராத்திரி அம்மாவுக்கு ஃபேன் இருக்காது. ரெஸ்ட் மோடில் டவுன்லோட் ஆகும்போது அந்த அளவுக்கு இழுக்காது.

ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பதால் லேன் கேபிளும் போட்டேன். நொடிக்கு 11 எம்பி வருகிறது, வைஃபையைவிட இரண்டு மடங்குக்கு மேல். மீதி 59 ஜிபி, ஒன்றரை மணி நேர வேலை. 9.50-க்கு ரெஸ்ட் மோட். வெளியே காற்று எழும்புகிறது, ஏரிப் பக்கம் மின்னுகிறது. கோடை மழை வரும் போலிருக்கிறது. வரட்டும், மாமரத்தில் காய் மட்டும் உதிராமல் இருந்தால் போதும்.

8 மே, புதன், காலை

ஆரஞ்சு விளக்கு எரிகிறது! ராத்திரி இரண்டு முறை கரண்ட் போனதாக அம்மா சொன்னார். கன்சோல் விழவில்லை.

எழுப்பிப் பார்த்தால் 58 ஜிபி. நின்றிருக்கிறது.

மறுபடி கணக்கு. 27 ஜிபி இறங்கியிருக்கிறது. நொடிக்கு 11 எம்பி வீதம் 41 நிமிடம். அதாவது 10.31-க்கு நின்றிருக்கிறது. கன்சோலுக்கு மின்சாரம் இருந்தது, ரவுட்டருக்கும் இருந்தது. ரவுட்டர் முன் போய் உட்கார்ந்தேன். Power விளக்கு பச்சை. LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் வீட்டுக்குள் நாம் செய்ய ஒன்றுமில்லை.

கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நம்ம பாக்ஸுக்கும் கரண்ட் வேணுமில்ல? நேத்து நம்ம பக்கம் ரொம்ப நேரம் கரண்ட் இல்ல, பேட்டரி இறங்கிடுச்சு. பதினொரு மணிக்குள்ள வந்துடும்" என்றார். தெருக்களுக்கெல்லாம் ஒளியை அனுப்பும் கருவி அவரிடம் இருக்கிறது. அது அணைந்தால் நம் வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

ஆக, இரண்டு இரவும் பாதியில் நின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு. விளக்கு இல்லாவிட்டால் மின்சாரம் போயிருக்கிறது. ஆரஞ்சு எரிந்தும் நின்றிருந்தால் முதலில் இணையத்தைப் பார்க்க வேண்டும், ரவுட்டரின் LOS விளக்கிலிருந்து தொடங்கலாம். காலையில் கன்சோலைத் தொடும் முன் இந்த இரண்டு விளக்குகளையும் பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். நேராகப் பட்டனை அழுத்திவிட்டால் ராத்திரி எந்த விளக்கு எரிந்தது என்று பிறகு தெரியாது.

8 மே, புதன், மாலை

பதினொன்றுக்கே நெட் வந்துவிட்டதாம். கன்சோலை ரெஸ்ட் மோடில்தான் விட்டுப் போயிருந்தேன், தானாகத் தொடர்ந்திருக்கும் என்று எண்ணினேன். இல்லை, 58-லேயே இருந்தது. இணையம் சில நிமிடம் மட்டும் போய் வந்தபோதெல்லாம் எனக்குத் தானாகவே தொடர்ந்திருக்கிறது. இந்த முறை பல மணி நேரம் இல்லாததால் பிழை காட்டி நின்றுவிட்டது. பட்டியலில் அதன் மேல் போய்த் தொடரச் சொன்னேன். 58.1, 58.2 என்று எண் நகர்ந்ததும் எனக்கு உயிர் வந்தது. மீதி 32 ஜிபி 48 நிமிடத்தில் முடிந்தது. அம்மா தோசை ஊற்றி முடிப்பதற்குள்.

9 மே, வியாழன்

பாலக்கோட்டிலிருந்து மாமா பையன் கூப்பிட்டான். அவனிடம் பிஎஸ்4. "மாமா, அப்டேட் ரெண்டு ஜிபிதான், நைட்டே நூறு பர்சென்ட் வந்துச்சு. காலையில பாத்தா மறுபடி முதல்ல இருந்து ஓடுது. அழிச்சிட்டுப் போடவா?"

அழிக்காதே என்று சொல்லிவிட்டு, பட்டைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். Copying என்று படித்தான்.

அது டவுன்லோட் இல்லை. பிஎஸ்4-இல் அப்டேட் இறங்கிய பிறகு, பழைய கேமையும் புதுத் துண்டுகளையும் சேர்த்து ஹார்ட் டிஸ்கில் புதுப் பிரதி ஒன்றை எழுதும். அப்டேட் 2 ஜிபியாக இருந்தாலும் கேம் 80 ஜிபி என்றால், அந்த 80-ஐயும் நகலெடுக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது அந்த டிஸ்க்தான், இணையம் அல்ல. அதனால்தான் கேம் அளவுக்குக் காலி இடமும் கேட்கும். சந்தேகம் இருந்தால் ரவுட்டரிலிருந்து கேபிளைக் கழற்றிப் பார் என்றேன். கழற்றினான். பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. "அட, ஆமா மாமா!"

அந்த அப்டேட்டை அழித்திருந்தால் 2 ஜிபியை மறுபடி இறக்கி, மறுபடி நகலெடுத்திருப்பான். தண்ணி டேங்க் வேலையாக வெளியே கிளம்பியவன் ஒரு மணி நேரம் கழித்து முடிந்துவிட்டதென்று செய்தி அனுப்பினான்.

11 மே, சனி

தம்பி மதியமே வந்துவிட்டான். கேமைத் திறந்து அரை மணி ஆடிவிட்டு, அப்படியே ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிட்டு வந்து எழுப்பினால், கேமுக்கு ஒரு அப்டேட் வந்திருந்தது. டவுன்லோட் முடிந்திருந்தது, ஆனால் நிறுவாமல் காத்திருந்தது. கேம் பாதியில் உறங்கிக்கொண்டிருந்தது, திறந்திருக்கும் கேமின் மேல் கன்சோல் எழுதாது. "டேய், சேவ் பண்ணிட்டு கேமை மூடு" என்றேன். மூடினான். பட்டை நகர்ந்தது.

வெளியே மறுபடி காற்று. இன்வெர்ட்டர் ஒருமுறை முனகியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தோம். பச்சை.