பால் தெரியாவிட்டால் பட்டத்தைத் தேடுங்கள்

வெளிநாட்டில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கேட்டு, முன்பின் தெரியாத ஒரு பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர்கள் பலரும் முதல் வரியிலேயே தடுமாறுகிறார்கள். பெயர் அலெக்ஸ் மார்கன் என்று வைத்துக்கொள்வோம். ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உடனே புகைப்படம் தேடி, முகத்தைப் பார்த்து ஊகித்து, மிஸ்டர் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தேடலே தேவையில்லை. டாக்டர், புரொபசர் என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பால் வேறுபாடு கிடையாது. அவருக்கு முனைவர் பட்டம் இருக்கிறதா, அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்ற இரண்டு விவரம் கிடைத்தால் போதும்.

இரண்டும் பல்கலைக்கழகத் துறையின் இணையப் பக்கத்தில், அவர் பெயருக்குக் கீழேயே பெரும்பாலும் இருக்கும். அங்கே சீனியர் லெக்சரர் என்றும், கல்வித் தகுதியில் பிஎச்.டி. என்றும் போட்டிருக்கிறது, பல்கலைக்கழகம் பிரிட்டனில் இருக்கிறது என்றால், எழுத வேண்டியது இதுதான்:

```
Dear Dr Morgan,
```

இங்கே புரொபசர் என்று எழுதினால் தவறு. பிரிட்டனில் அது ஆசிரியர் பதவிகளில் மிக உயர்ந்த நிலைக்கு மட்டுமே உரிய பெயர். அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே அசிஸ்டென்ட் புரொபசர், அசோசியேட் புரொபசர் என எந்தப் படிநிலையில் இருந்தாலும், விளிக்கும்போது வெறும் புரொபசர்தான். முன்னால் உள்ள அசிஸ்டென்ட் என்பதையும் சேர்த்து விளிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. யாரும் அப்படி அழைப்பதில்லை.

```
Dear Professor Morgan,
```

டாக்டர் என்பதை எப்போதும் சுருக்கியே எழுதுவார்கள். புரொபசரை விளிக்கும் வரியில் முழுதாக எழுதுவதே நல்லது. சுருக்கத்துக்குப் பின் அமெரிக்கர் புள்ளி வைப்பார்கள், பிரிட்டிஷார் வைக்கமாட்டார்கள். எதைத் தேர்ந்தாலும் மடல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

பட்டம் ஒருமுறைதான் வரவேண்டும். முன்னால் டாக்டர், பின்னால் பிஎச்.டி. என்று இரண்டையும் சேர்ப்பது ஒரே விஷயத்தை இருமுறை சொல்வது. அதேபோல, பட்டத்தோடு வருவது குடும்பப் பெயர்தான். டாக்டர் அலெக்ஸ் என்று எழுதினால், மரியாதையும் நெருக்கமும் கலந்து வினோதமாக ஒலிக்கும். எது குடும்பப் பெயர் என்று குழப்பமா? சீன, கொரியப் பெயர்களில் அது முதலில் வரும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் வரிசையை மாற்றிக்கொள்வார்கள். அவருடைய கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் பட்டியலில் எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான மேற்கோள் முறைகளில் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்கும்.

பட்டம் எதுவும் தெரியவில்லை, பாலும் தெரியவில்லை என்றால் முழுப் பெயரை அப்படியே எழுதுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது.

```
Dear Alex Morgan,
```

பெண் என்று உறுதியாகத் தெரிந்து, பட்டம் மட்டும் தெரியாதபோது `Ms` போடுங்கள். திருமணம் ஆனவரா என்ற கேள்வியே அதில் எழாது. `Mx` என்பது ஆண், பெண் என்ற பிரிவுக்குள் அடங்காதவர்கள் விரும்பிப் போட்டுக்கொள்வது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. ஆனாலும், அவரே தன் பெயருக்கு முன் போட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாத எல்லாருக்கும் ஒட்டிவிடும் சொல் அல்ல அது.

மருத்துவர்களுக்கும் டாக்டர்தான். தமிழில் மருத்துவர், முனைவர் என்று பிரித்துச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் விளிக்கும்போது பிரிவு இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் வழக்கமாக மிஸ்டர், மிஸ் என்றே தங்களைக் குறிப்பிட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் அப்படி இருந்தால் அது விடுபட்ட பட்டம் அல்ல; திருத்தப் போகாதீர்கள்.

பெயரே கிடைக்காத இடம் ஒன்று உண்டு, சேர்க்கைக் குழு. அதற்குக் குழுவையே விளிக்கலாம்:

```
Dear Members of the Admissions Committee,
```

ரெஸ்பெக்டட் சார் என்று தொடங்குவதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அது ஆண் என்று முடிவுகட்டிவிடுகிறது. பலருக்கும் அனுப்பிய ஒரே மடல் என்ற எண்ணத்தையும் கொடுக்கிறது. `Dear Sir or Madam` தேர்வில் வரும். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பயிற்சிக் கடிதத்தில் வினாத்தாளே அப்படித் தொடங்கச் சொன்னால், அதை மாற்றாமல் எழுதி `Yours faithfully` என்று முடியுங்கள். பெயர் சொல்லித் தொடங்கிய கடிதத்துக்கு முடிவு `Yours sincerely`. இந்த இணையைக் கலந்துவிட்டால் கடிதத்தின் தொனி குலைகிறது.

பதில் வந்ததும் அடியில் என்ன கையெழுத்து என்று பாருங்கள். வெறும் அலெக்ஸ் என்று முடித்திருந்தால், அடுத்த மடலில் அப்படி அழைக்கலாம் என்பதற்கான அனுமதியாகவே பலர் கொள்வார்கள். தயக்கமாக இருந்தால் இன்னொரு முறை டாக்டர் மார்கன் என்றே எழுதுங்கள். அதனால் யாரும் வருந்தமாட்டார்கள்.