மீன் தொட்டியில் ஜெயித்த டிரைவ், கிணற்றில் ஏன் தோற்றது?

போன மாதம் மீன் தொட்டி மோட்டாருக்கு, கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டியதில் தலைகால் புரியவில்லை எனக்கு. அந்தத் திமிரோடு அதே டிரைவைக் கழற்றிக் கிணற்று மோனோபிளாக் பம்பில் மாட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

முதலில் ஜெயித்த கதை. தொட்டியிலிருந்து ஃபில்டருக்குப் போய்த் திரும்பத் தொட்டிக்கே வரும் தண்ணீர் அது. 1 எச்பி த்ரீ பேஸ் மோட்டார், நாள் முழுக்க ஓட வேண்டும். முன்பு 50 ஹெர்ட்ஸ் முழு வேகத்தில் ஓட்டி, வால்வைப் பாதி மூடி வைத்திருந்தேன். இப்போது வால்வை முழுக்கத் திறந்துவிட்டு 35 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். 20 லிட்டர் பக்கெட் நிரம்ப அப்போதும் 12 விநாடிதான், இப்போதும் 12 விநாடிதான்.

கரண்டை அளப்பதில்தான் முதலில் ஏமாந்தேன். சிங்கிள் பேஸ் உள்ளே போகிற டிரைவில் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வருவது வாட் இல்லை. டிரைவ் கரண்டைக் கொத்துக் கொத்தாக இழுப்பதால் கணக்கு எக்கச்சக்கமாகக் கூடிவிடும். மோட்டார் பக்கம் கிளாம்ப் போட்டாலும் பிரயோஜனமில்லை. லோடு குறைந்தாலும் காந்தம் உண்டாக்கும் கரண்ட் அவ்வளவாகக் குறையாது. கடைசியில் ஒரு சப்-மீட்டர் வாங்கி டிரைவுக்கு முன்னால் போட்டு, அதன் சிவப்பு விளக்கை எண்ணினேன். மேலே `3200 imp/kWh` என்று இருக்கும். 3200 சிமிட்டினால் ஒரு யூனிட். வால்வு பாதி மூடி 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 51. முழுக்கத் திறந்து 35 ஹெர்ட்ஸில் 22. ஒரு நாளைக்கு 13 யூனிட் மிச்சம்!

கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வேகம் குறைகிற விகிதத்தில் தண்ணீர் குறையும், அதன் வர்க்கத்தில் அழுத்தம், கனத்தில் பவர். வால்வு முழுக்கத் திறந்து 50 ஹெர்ட்ஸில் 56 சிமிட்டல். 0.7-இன் கனம் 0.343, ஆக 19 வர வேண்டும். வந்தது 22. டிரைவின் சொந்தச் சூடும், லோடு குறைந்த மோட்டாரின் மந்தமும் அந்த மூன்றைத் தின்றுவிட்டன.

இனி கிணறு. எங்கள் வீடு வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம். இப்போது தண்ணீர் தரையிலிருந்து 6 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, மாடித் தொட்டியின் வாய் 8 மீட்டர் உயரத்தில். ஆக 14 மீட்டர் தூக்கியே ஆக வேண்டும். 2 எச்பி மோனோபிளாக்.

38 ஹெர்ட்ஸில் போட்டதும் மோட்டார் சத்தமே இல்லாமல் அழகாகச் சுற்றியது. மீட்டர் விளக்கு நிமிடத்துக்கு 30 சிமிட்டியது. மாடியில் நின்ற மச்சான் எட்டிப் பார்த்து, "மாமா, தண்ணி எங்க?" என்றான். குழாய் வாயில் ஒரு சொட்டு இல்லை. ஏர் பிடித்திருக்கும் என்று ப்ரைமிங் செய்தேன், ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவினேன், கிளாண்டை இறுக்கினேன். இரண்டு ஞாயிறு இதிலேயே போச்சு. பம்ப் கேசிங்கில் கை வைத்தபோதுதான் உறைத்தது. சுடுகிறது. உள்ளே தண்ணீர் இருக்கிறது, வெளியேற வழியில்லாமல் அங்கேயே கலங்கிக் கொதிக்கிறது.

மூன்றாவது ஞாயிறு 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது டெலிவரி வால்வைச் சில விநாடி மட்டும் மூடி பிரஷர் கேஜைப் பார்த்தேன்: 2.1 கிலோ, அதாவது 21 மீட்டர். பம்ப் உட்கார்ந்திருக்கும் திட்டு தண்ணீருக்கு 3 மீட்டர் மேலே. ஆகப் பம்பின் உச்சபட்ச தூக்கு 24. 38 ஹெர்ட்ஸில் 0.76-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 13.9. வேண்டியதோ 14!

`50 × √(14/24) = 38.2`

இந்த 38.2 ஹெர்ட்ஸுக்குக் கீழே எத்தனை நாள் ஓட்டினாலும் தண்ணீர் வராது. சித்திரையில் கிணறு இன்னும் 3 மீட்டர் இறங்கினால் இந்த எல்லை 42-க்கு ஏறிவிடும்.

சரி, 38-க்கு மேலே லாபமா? 1000 லிட்டர் ஏற்றி எண்ணினேன். 50-இல் 4 நிமிடம் 10 விநாடி, நிமிடத்துக்கு 94, மொத்தம் 392 சிமிட்டல். 45-இல் 5 நிமிடம் 40 விநாடி, மொத்தம் 391. 40-இல் 11 நிமிடம் 15 விநாடி பிடித்தது, மொத்தம் 540! மீட்டரின் வேகத்தைப் பார்த்தால் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும், தொட்டி நிரம்பும்போது பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். தூக்க வேண்டிய 14 மீட்டர் வேகத்தைப் பார்த்துக் குறையாது. குறைவது குழாய் உராய்வு மட்டும்தான். "பாதி வேகம், எட்டில் ஒரு பங்கு பில்" என்று டிரைவ் விற்றவர் சொன்னார். தப்பில்லை, தண்ணீரை மேலே ஏற்றாத வரைக்கும்.

50-இல் உராய்வுக்குப் போவது 4 மீட்டர் என்று கணக்கு வருகிறது. அதைப் பிடிக்க டிரைவ் எதற்கு? உராய்வு குறைய, இன்னும் அகலமான ஒன்றரை இஞ்ச் குழாய் வாங்கி வைத்துவிட்டேன். மெல்ல வளையும் லாங் பெண்ட் இரண்டு மட்டும் வேலூரில் கேட்ட மூன்று கடையிலும் இல்லை, எல்லாரும் சாதா எல்போவையே நீட்டுகிறார்கள். வரும்வரை கிணற்று மோட்டார் பழைய ஸ்டார்ட்டரில் ஓடட்டும். டிரைவ் நேற்றே மீன் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. 33-இல் ஓட்டினால் அடியில் கழிவு தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.