வரவும் செலவும் சமம், அப்புறம் பற்றாக்குறை எங்கே? நிதிப் பற்றாக்குறையை நான் படித்த விதம்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்த நாட்களில் நிதிப் பற்றாக்குறையின் இலக்கணம் எனக்கு மனப்பாடம். 'கடன் நீங்கலான மொத்த வரவைவிட மொத்தச் செலவு எவ்வளவு அதிகமோ அதுவே நிதிப் பற்றாக்குறை.' ஆனால் ஒரு மாதிரித் தேர்வில் எண்களைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னபோது தவறான விடை எழுதினேன். பொதுத்துறைப் பங்குகளை விற்று வந்த பணமும் ரொக்கம் திரட்டும் வழிதானே என்று நினைத்து, அதைக் கடனோடு சேர்த்துவிட்டேன். அன்று மாலையே ஒன்றிய அரசின் பட்ஜெட் ஆவணங்களில் 'பட்ஜெட் அட் எ க்ளான்ஸ்' என்ற சுருக்க அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இந்தத் தலைப்பில் எனக்குக் குழப்பம் வரவில்லை. அந்த வழியை 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டு எண்களை வைத்துச் சொல்கிறேன்.

அந்த அட்டவணையைப் பார்த்ததும் முதலில் ஒரு திகைப்பு வரும். மொத்த வரவு 50,65,345 கோடி ரூபாய். மொத்தச் செலவும் அதே 50,65,345 கோடி. ஒரு கோடி கூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் பற்றாக்குறை எங்கே?

அது வரவுப் பக்கத்திலேயே இருக்கிறது. 'கடன்களும் பிற பொறுப்புகளும்' என்ற ஏழாவது வரியில் 15,68,936 கோடி என்று போட்டிருப்பார்கள். கடன் வாங்கிய பணத்தையும் வரவில் சேர்த்ததால்தான் இரண்டு பக்கமும் சமமாகின்றன. அந்த ஒரு வரியை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். வரியும் வரியல்லாத வருவாயும் சேர்ந்த வருவாய் வரவு 34,20,409 கோடி. மாநிலங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்த கடனில் திரும்பி வருவது 29,000 கோடி. பங்கு விற்பனை போன்றவற்றில் வருவது 47,000 கோடி. மூன்றும் சேர்ந்தால் 34,96,409 கோடி. மொத்தச் செலவிலிருந்து இதைக் கழித்தால் 15,68,936 கோடி வரும். விரலை எடுத்தால் அடியில் இருப்பதும் அதே எண். நிதிப் பற்றாக்குறை என்பது அந்த ஆண்டு புதிதாக ஏறும் கடன்தான் என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான். (கையிருப்பு ரொக்கத்தை எடுத்துச் செலவழித்தால் அதுவும் இந்த வரியில்தான் சேரும்.)

இனி நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். கடன் வசூல், பங்கு விற்பனை, புதுக் கடன் மூன்றுமே மூலதன வரவு என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. அதனால் மூன்றும் ஒரே வகை என்று தோன்றும். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பணத்தை நாளை யாருக்காவது திருப்பித் தர வேண்டுமா? பங்கை விற்றால் ஒரு சொத்து கைமாறிப் போகிறது, கடன் எதுவும் ஏறுவதில்லை. கொடுத்த கடன் திரும்பி வந்தாலும் அப்படித்தான். புதுக் கடன் மட்டுமே பொறுப்பாக நிற்கிறது. அட்டவணையில் நிதிப் பற்றாக்குறை வரிக்குப் பக்கத்திலேயே `[9-(1+5+6)]` என்று சூத்திரம் இருக்கும். அதில் 5 கடன் வசூல், 6 பங்கு விற்பனை போன்றவை, 7 இல்லை. பயிற்சிக் கணக்கு எதுவாக இருந்தாலும் இந்த வரி எண்களை ஓரத்தில் எழுதிக்கொண்டு தொடங்கினால் தப்பு வராது.

இதே அட்டவணையில் வட்டிச் செலவு 12,76,338 கோடி என்று இருக்கும். நிதிப் பற்றாக்குறையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் 2,92,598 கோடிதான் முதன்மைப் பற்றாக்குறை. புதிதாக வாங்கும் கடனில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டி அளவுக்கே இருக்கிறது என்பதை இந்த ஒரு கழித்தல் காட்டிவிடும். விரிவான விடையில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதுவேன். விளக்கம் அதிகம் தேவைப்படாது.

சரி, அந்த 15.69 லட்சம் கோடியை அரசு எங்கிருந்து கொண்டுவருகிறது? பட்ஜெட் ஆவணத்தில் இதற்குத் தனி அட்டவணை உண்டு. பெரும்பங்கு, நிகரமாக சுமார் 11.54 லட்சம் கோடி, சந்தையில் கடன்பத்திரம் விற்றுத் திரட்டுவது. செய்தித்தாளில் 14.82 லட்சம் கோடி என்று படித்திருப்பீர்கள். அது மொத்தக் கடன். முதிர்ந்த பழைய பத்திரங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது போக மீதிதான் நிகரக் கடன். பற்றாக்குறையோடு ஒப்பிட வேண்டியது நிகர எண்ணைத்தான்.

அடுத்த பெரிய பங்கு சிறுசேமிப்பு, சுமார் 3.43 லட்சம் கோடி. என் அம்மா மாதாமாதம் தபால் நிலையத்தில் ஆர்.டி. கட்டுவார். நீல மையில் முத்திரை குத்திய அந்த பாஸ்புக்கைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அதற்கும் பட்ஜெட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நினைத்ததே இல்லை. அவர் கட்டும் பணம் தேசிய சிறுசேமிப்பு நிதியத்தில் சேர்கிறது. அந்த நிதியம் ஒன்றிய அரசின் சிறப்புப் பத்திரங்களில் முதலீடு செய்கிறது. நம் வீட்டு ஆர்.டி.யும் செல்வமகள் கணக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பும் பணத்தில் அடக்கம். மிச்சம் வருங்கால வைப்பு நிதி, வெளிநாட்டுக் கடன் போன்ற சிறிய தலைப்புகளில் வருகிறது.

கடன்பத்திர விற்பனையை அரசின் சார்பில் ரிசர்வ் வங்கி ஏலமாக நடத்துகிறது, வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில். அரையாண்டுக்கான கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவார்கள். வாங்குபவர்களில் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி அமைப்புகள் முக்கியமானவை. அரசு கேட்கும் கடன் சந்தைக்குக் கனமாக இருந்தால் அது ஏல முடிவிலேயே தெரிந்துவிடும். வாங்குபவர்கள் அதிக வட்டி கேட்பார்கள். விற்காமல் மிஞ்சும் பத்திரங்கள், ஏலத்துக்கு உத்தரவாதம் கொடுத்த முதன்மை வணிகர்கள் தலையில் விழும். இதை 'டிவால்வ்மென்ட்' என்பார்கள். வணிகப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அந்த வாரம் அரசுக்குக் கடன் எளிதாகக் கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, பழைய கைடுகளிலிருந்து இன்னும் விடைத்தாளுக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு தவறு. 'அரசு ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கி, நோட்டு அச்சடித்துப் பற்றாக்குறையை ஈடுகட்டும்' என்று எழுதுகிறார்கள். 1997 மார்ச் வரை ஆட்-ஹாக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன்பத்திரங்கள் மூலம் கிட்டத்தட்ட அப்படி நடந்தது உண்மை. 1997 ஏப்ரலில் அந்த ஏற்பாடு நின்று, வழிவகை முன்பணம் வந்தது. இது ஆண்டின் நடுவில் வரி வருவதற்குமுன் செலவு வந்துவிட்டால் சமாளிக்கக் கொடுக்கும் குறுகிய காலக் கைமாற்று. அதற்கு உச்சவரம்பும் கெடுவும் உண்டு. ஆண்டுப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழியாக அதை எழுதக் கூடாது. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி அரசின் புதுப் பத்திரங்களை ஏலத்தில் நேரடியாக வாங்குவதில்லை. சட்டம் குறிப்பிடும் விதிவிலக்கான சூழல்களில் மட்டும் அதற்கு இடமுண்டு. வங்கிகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பத்திரங்களை இரண்டாம் நிலைச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். அதன் பெயர் வெளிச்சந்தை நடவடிக்கை. ஏலத்தில் வாங்குவது, சந்தையில் வாங்குவது என்ற இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் தெளிவாக எழுதிப் பழகுங்கள். பணவியல் கொள்கைக் கேள்வியிலும் இதே இரண்டு வரி தேவைப்படும்.