அமத்தினால் நோகிற நெஞ்சு

சனிக்கிழமை எட்டு வெங்காய மூட்டைகளை லாண்ட்மாஸ்டரிலிருந்து தனியாளாக இறக்கினேன். திங்கள் விடிய, கட்டிலில் புரளும்போது இடப்பக்க நெஞ்சு சுருக்கென்றது. மூச்சை ஆழ இழுத்தால் குத்தியது. நெஞ்செலும்போரம் விரலால் அமத்தியதும் துள்ளிவிட்டேன்.

"அமத்த நோகுதெண்டால் வாய்வுதானப்பா, ஒத்தடம் பிடிப்பம்" என்றா மனுசி. எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் வயது 49, சீனி வருத்தம் வேறு. அப்பா போனதும் நெஞ்சுநோவால்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். "ஒரு விரலாலை இடத்தைக் காட்டுங்கோ" என்றா. காட்டினேன். மாரடைப்புக்காரர் அனேகமாக விரலால் காட்டமாட்டினமாம். உள்ளங்கையையோ பொத்திய கையையோ நடு நெஞ்சில் வைத்து, பாரம் ஏத்தின மாதிரி இறுக்குது என்பினமாம். அது தாடைக்கும் கைக்கும் ஓடும், வேர்க்கும், மூச்சை அடக்கினாலும் மாறாது.

பிறகு விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடங்களை ஒவ்வொன்றாக அமத்தினா. மூன்றாவதில் கத்தினேன். "வெறும் நோவோ, இல்லாட்டி விடிய வந்த அதே நோவோ?" அதே நோதான். அந்தக் கேள்விதான் முக்கியமென்று பிறகு விளங்கியது. பலமாக அமத்தினால் ஆருக்கும் நோகும்.

அதோடு வீட்டுக்கு விடுவா என்று பார்த்தேன். விடவில்லை. நெஞ்சுச் சுவர் நோகிற ஆளுக்கு மாரடைப்பு வராதென்று இல்லையே, அதுவும் சீனி இருந்தால் நோ முறையாகத் தெரியாது என்றா. ஈசிஜி எடுத்து, ட்ரோபோனினுக்கு இரத்தம் எடுத்தார்கள். சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இதயத் தசை சேதமானாலும் ட்ரோபோனின் இரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். நேரத்தோடு எடுத்த ஒரு சோதனையை நம்ப ஏலாது. அந்த நேரத்துக்குள் மனுசி மூன்று தரம் நேர்த்தி வைத்துவிட்டா.

இடையில் கெண்டைக்கால் வீங்கினதோ, சளியில் இரத்தம் வந்ததோ, கொழும்புக்கு பஸ்ஸில் போய் வந்தீங்களோ என்றும் கேட்டா. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனாலும் மூச்சிழுக்க இப்படித்தான் குத்துமாம். நியூமோனியாவிலும் அப்படியாம், அதற்காக எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

எல்லாம் சுகமாக வந்தது. விலாக் குருத்தெலும்பு அழற்சி என்று எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு போட ஐந்து நாள் குளிசை தந்தா. எக்ஸ்ரேயில் அது தெரியாதாம். அமத்திப் பார்த்தும், மற்றவை இல்லையென்று கண்டும்தான் சொல்லுவினமாம்.

"நடக்கேக்க இறுக்கி, நிண்டால் விட்டால், இல்லாட்டி வேர்வையோடை வந்தால், இந்தத் துண்டைப் பாத்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ ஐயா."

இப்போது நான்காவது கிழமை. தும்மினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. மூட்டை இறக்க மருமகன் வருகிறான்.