பெண்டிங்கை ஃபெயில்னு எழுதினதால வந்த வினை

போன மாங்கா சீசனுக்கு முன்னாடி கிருஷ்ணகிரியில ஒரு மண்டிக்கு, எடை சீட்டு போட்டதும் விவசாயி அக்கவுண்டுக்கு ஐஎம்பிஎஸ்ல பணம் போற சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணேன். பேங்க் குடுத்த டெஸ்ட் சர்வர்ல எதை அனுப்பினாலும் ரெண்டே செகண்டுல சக்சஸ்னு வந்துச்சு, அதுலயே எனக்கு டவுட்டு, நிஜத்துல அவ்வளவு ஒழுங்கா நடக்காதே.

அதனால நானே ஒரு டூப்ளிகேட் பேங்க் சர்வர் எழுதினேன். ரிக்வெஸ்டை வாங்கிக்கும், 40 நிமிஷம் வாயே திறக்காது, அப்புறம் சக்சஸ்னு சொல்லும்.

ஒரு லோடு பெங்களூரா மாங்காக்கு 18,400 ரூபாய் அனுப்பிப் பாத்தேன். எங்க சிஸ்டம் 30 செகண்ட் பாத்துட்டு `FAILED`னு செகப்புல காட்டிடுச்சு. எதிர்ல விவசாயி நின்னுட்டு இருந்தா கவுண்டர் பையன் என்ன பண்ணுவான், மறுபடி பட்டனை அமுக்குவான், நானும் அதையே பண்ணேன். ரெண்டாவது அமுக்குக்கு புது ரெஃபரன்ஸ் நம்பர் போயிடுச்சு, அதனால பேங்குக்கு அது வேற பேமெண்ட். கடைசியில ரெண்டுமே சக்சஸ், 36,800 போச்சு! இதுல இன்னொரு கூத்து, முதல் பேமெண்டோட சக்சஸ் லேட்டா வந்தப்ப, இதுதான் ஃபெயில் ஆயிடுச்சேன்னு எங்க கோடு அதை தூக்கிப் போட்டுடுச்சு. கணக்குல ஒண்ணுதான் இருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்டோட டேலி பண்ணாத வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பதில் வரலைன்னா நமக்கு தெரியலைன்னுதான் அர்த்தம். வாங்கற பேங்க் டைமுக்கு பதில் சொல்லலைன்னா அனுப்பற பேங்குக்கே பணம் ஏறுச்சா இல்லையான்னு அப்போதைக்கு தெரியாதுங்க.

அப்புறம் மாத்தினது இதுதான். பேங்கை கூப்பிடறதுக்கு முன்னாடியே ரெஃபரன்ஸ் நம்பரை டேட்டாபேஸ்ல எழுதிடறோம், எத்தனை தடவை அனுப்பினாலும் அதே நம்பர்தான், பேங்க் பக்கம் டூப்ளிகேட்னு நிறுத்துதான்னும் தனியா டெஸ்ட் பண்ணோம். டைம்அவுட் ஆனா `PENDING`, பட்டனும் மறைஞ்சிடும். ஸ்டேட்டஸை 1, 5, 15 நிமிஷத்துல கேட்டுட்டு அப்புறம் மணிக்கு ஒரு தடவை கேக்கும். ஸ்டேட்டஸ் கேக்கறப்ப அப்படி ஒரு பேமெண்டே இல்லைன்னு பதில் வந்தாலும் உடனே நம்பக் கூடாது, ரிக்வெஸ்ட் க்யூவுல நின்னுட்டு இருக்கலாம், இதுல நானே ஒரு தடவை ஏமாந்தேன்.

எவ்வளவு நேரம் காத்திருக்கறதுன்னு கேட்டா, ரிசர்வ் பேங்க் 2019ல போட்ட விதிப்படி, ஐஎம்பிஎஸ்ல பணம் கழிஞ்சு எதிர் அக்கவுண்டுல ஏறலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பி வரணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதனால சர்வர் தேதியை ரெண்டு நாள் தள்ளி வச்சும் ஓட்டிப் பாத்தோம், அதுக்கப்புறமும் பெண்டிங்னா ஆள் பாக்கற லிஸ்டுக்கு போகுது.

மண்டிக்காரர், “அதெல்லாம் சரிப்பா, விவசாயிகிட்ட நான் என்ன சொல்றது”ன்னாரு. இப்ப சீட்டுலயே ‘பணம் அனுப்பியாச்சு, பேங்க் உறுதி வரல’ன்னு ரெஃபரன்ஸ் நம்பரோட பிரிண்ட் ஆகுது. சீசன்ல ஒரு பேமெண்ட் நிஜமாவே ஆறு மணி நேரம் நின்னுச்சு, காவேரிப்பட்டணத்துக்காரர் அந்த சீட்டை மடிச்சு பாக்கெட்டுல வச்சுட்டு கிளம்பிட்டாரு, ராத்திரி பணம் ஏறிடுச்சு, ஒரே தடவைதான் ஏறுச்சு.