செ. என்பது S-ஆ, C-ஆ? சான்றிதழ் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்த அனுபவம்

நான் வளர்ந்தது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஸ் ஏறினால் மலையாளம். ஆனால் பள்ளிப் படிப்பு மட்டும் பொள்ளாச்சியில், தமிழ் வழியில். பின்னாளில் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது இரண்டு தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டார்கள். ஒன்று, பள்ளியில் கையால் எழுதித் தந்த மாற்றுச் சான்றிதழ். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு நான் படித்த ஓராண்டுப் பட்டயப் படிப்பின் சான்றிதழ். அதில் ஓர் ஆங்கில எழுத்துகூடக் கிடையாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களில் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருந்ததால் அவற்றை அப்படியே கொடுக்க முடிந்தது.

தெரிந்தவர் சொன்ன ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டையும் கொடுத்தேன். இரண்டு நாளில் வேலை முடிந்து வந்தது. உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது, இடறுகிற இடமே இல்லை. சரி என்று கவரில் போடப் போனபோது சித்தப்பா தடுத்தார். அவர் பல வருஷம் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்.

"இங்கிலீஷ மட்டும் படிச்சா எப்படிக் கண்ணு தெரியும்? தமிழ்ல இருக்கிறத நான் வாசிக்கிறேன். நீ இங்கிலீஷ்ல விரல் வெச்சுட்டே வா."

அப்படிச் செய்ததில் ஐந்து தப்புகள் கிடைத்தன. நான் இரண்டு முறை படித்தும் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

முதல் தப்பு என் பெயரிலேயே இருந்தது. தமிழில் நான் செ. கயல்விழி, அப்பா செல்லமுத்து. மொழிபெயர்ப்பில் `C. KAYALVIZHI` என்றும், அப்பா பெயர் `CHELLAMUTHU` என்றும் இருந்தது. உச்சரிப்பை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சகரத்தை இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். ஆனால் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் `S. KAYALVIZHI` என்று அச்சாகியிருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் `SELLAMUTHU`. தமிழ் தெரியாத ஓர் அலுவலர் மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்தால், C-யும் S-உம் ஒரே செ. என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அது வேறு ஆள். க, த, ப எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. கணேசனின் இனிஷியல் K-யாகவும் வரும், G-யாகவும் வரும். ஆகவே பெயரின் ஆங்கில எழுத்தை மொழிபெயர்ப்பாளர் காதுக்கு விட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே ஆங்கிலத்தில் அச்சான ஒரு சான்றிதழின் நகலையோ பாஸ்போர்ட் நகலையோ முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுக்கவில்லை.

இதில் ஓர் எல்லை உண்டு. தமிழ் மூலத்தில் இனிஷியல் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பிலும் இனிஷியல் மட்டும்தான் வர வேண்டும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் இருக்கிறதே என்று அதை விரித்து எழுதக் கூடாது. மூலத்திலேயே கயல்விளி என்று ழகரம் தப்பாக எழுதப்பட்டிருந்தால், அதை ஆங்கிலத்தில் சத்தமில்லாமல் திருத்துவதும் கூடாது. அதற்குப் பள்ளிக்குப் போய் மூலத்தைத் திருத்தி வாங்க வேண்டும்.

அடுத்தது பிறந்த தேதி. இதுதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. மாற்றுச் சான்றிதழில் எண்ணில் 04.11.1991 என்றும், எழுத்தில் நவம்பர் மாதம் நான்காம் தேதி என்றும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் எண்ணில் 11.04.1991. எழுத்தில் ஏப்ரல் பதினொன்று! எண்ணும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால்தான் நான் படிக்கும்போது சந்தேகமே வரவில்லை. நடந்தது இதுதான்: வெளிநாட்டுக்குப் போகிற தாள் என்று ஒருவர் மாதத்தை முன்னால் போட்டுத் தட்டச்சு செய்திருக்கிறார். எழுத்தில் நிரப்பியவர் தமிழ்த் தாளைப் பார்க்காமல், அந்த எண்ணைப் பார்த்து நிரப்பியிருக்கிறார். துப்பு அதே பக்கத்திலேயே இருந்தது. பள்ளியை விட்ட நாள் 28.04.2009 என்பது 04.28.2009 ஆகியிருந்தது. இருபத்தெட்டாவது மாதம் கிடையாது என்பதால், மாதம் முன்னால் போயிருக்கிறது என்று அங்கே பார்த்தவுடன் தெரிந்துவிடும். நாள் 12-க்குள் இருக்கும் தேதிகளில் அந்தத் துப்பு கிடைக்காது. அதனால் எண்ணை எண்ணோடும் எழுத்தை எழுத்தோடும் தனித்தனியாக, தமிழ்த் தாளை வைத்து ஒப்பிட வேண்டும். மாதத்தைப் பெயராகவே எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார்.

பட்டயச் சான்றிதழில் இதற்கு நேர்மாறாக ஒன்று. தேர்வு நடந்தது 'ஏப்ரல் 2010' என்று மட்டும் இருந்ததற்கு 01.04.2010 என்று போட்டிருந்தார்கள். மூலத்தில் இல்லாத நாள் மொழிபெயர்ப்பில் முளைக்கக் கூடாது.

இனி மதிப்பெண். ஆறு பாடங்கள், 72, 65, 70, 61, 68, 72. மொத்தம் 600-க்கு 408, 'முதல் வகுப்பில் தேர்ச்சி'. மொழிபெயர்ப்பிலும் மொத்தம் 408 என்றுதான் இருந்தது. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் சித்தப்பா பாடத்தின் பெயரோடு சேர்த்து வாசித்தபோது இலக்கணத்துக்கு உரிய 61 இலக்கியத்துக்கும், இலக்கியத்துக்கு உரிய 70 இலக்கணத்துக்கும் மாறிப் போயிருந்தது தெரிந்தது. கூட்டல் சரியாக இருந்தால் எண்கள் சரி என்று மட்டும்தான் ஆகும். எந்த எண் எந்த வரியில் நிற்கிறது என்பதைக் கூட்டல் சொல்லாது.

கடைசித் தப்பு அந்த 'முதல் வகுப்பில்' இருந்தது. தமிழில் வகுப்பு என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பத்தாம் வகுப்பு என்றால் படிக்கிற நிலை, முதல் வகுப்பில் தேர்ச்சி என்றால் வாங்கிய தரம். இங்கே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வர வேண்டியது ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் என்று வந்திருந்தது, நான் ஒன்றாங்கிளாஸ் பாஸ் செய்தது போல. கூடவே அடைப்புக்குறிக்குள் பி கிரேடு என்று ஒரு சேர்க்கை. கேரளத்தின் பத்தாம் வகுப்பில் 60 முதல் 69 சதவீதத்துக்கு பி கிரேடு. 408 என்பது 68 சதவீதம் என்பதால், நம் பக்கத்து வழக்கப்படி உதவியாக இருக்கட்டும் என்று போட்டாராம். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் என் சான்றிதழ் தந்த நிறுவனம் கிரேடு எதுவும் தரவில்லை. ஒரு மதிப்பெண் முறையை இன்னொன்றாக மாற்றிச் சொல்வது விண்ணப்பத்தை மதிப்பிடுகிறவர்களின் வேலை. மொழிபெயர்ப்பில் 408, 600, ஃபர்ஸ்ட் கிளாஸ், இவ்வளவுதான் நிற்க வேண்டும். மூலத்தில் இல்லாத சதவீதத்தைக்கூடச் சேர்க்கக் கூடாது.

ஐந்தையும் பென்சிலில் குறித்து, பக்கத்தில் தமிழ் வரியையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "நோட்டரி முத்திரை வாங்கிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கும் நிம்மதி. நோட்டரி பார்ப்பது கையெழுத்துப் போடுகிற ஆளை. கயல்விழியின் இலக்கண மதிப்பெண் 61-ஆ 70-ஆ என்று அவர் பார்க்க மாட்டார். முத்திரை விழுந்த பிறகு திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

புதிதாக அச்சடித்துக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, திருத்திய வரிகளை மட்டும் பார்க்காமல் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தோம். இந்த முறை நான் தமிழை வாசித்தேன், சித்தப்பா ஆங்கிலத்தில் விரல் வைத்தார். பெயர், தேதி, மதிப்பெண் எல்லாம் பொருந்தின. மறுநாள் காலையில் நோட்டரியிடம் போனேன்.